கல்வெட்டுக் கருத்தரங்கம்: திருத்திய நிகழ்ச்சி நிரல்

கட்டுரையாளர்களுக்கும் பங்கேற்பாளர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமைக் கருத்தரங்குக்காகச் சென்ற வாரம் அனுப்பிய நிரலில் இரண்டு மாற்றங்கள். அறை 14-இல் மழைநீர் ஒழுகுகிறது. மைப்படித் தாள்களை அங்கே விரிக்க மனம் வரவில்லை; பிற்பகல் பயிற்சி நூலக மாடிக்கூடத்துக்குப் போகிறது. அடுத்து, தளிச்சேரிப் பெண்டுகள் கட்டுரையும் புலிமான்கோம்பைக் கட்டுரையும் ஒரே நேரத்தில் மோதின. இரண்டையும் கேட்க வேண்டும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அதனால் புகளூர்க் கட்டுரையை முன்னே நகர்த்தி, புலிமான்கோம்பையை 11.50-க்கு மாற்றிவிட்டோம்.

9.00 பதிவு, அரங்க வாசல்.

9.30 வரவேற்பு, 15 நிமிடம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் இல்லை; அந்த நேரம் கட்டுரைகளுக்கு வேண்டும்.

9.45 மையவுரை, அரங்கம்: மாங்குளம் தமிழிப் பொறிப்புகள். 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தது முதல், 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவற்றின் மொழி தமிழே என்று காட்டியது வரை.

10.45 தேநீர், முற்றம்.

இணை அமர்வுகள், 11.00 – 12.40

அரங்கம் (சங்ககாலம்)
11.00 ஜம்பைக் கல்வெட்டும் அதியமான் நெடுமான் அஞ்சியும்
11.25 புகளூர்ச் சேரர் கல்வெட்டு
11.50 புலிமான்கோம்பை நடுகற்கள்
12.15 கொடுமணல் பானையோட்டுப் பெயர்கள்

அறை 12 (சோழர் காலம்)
11.00 உத்திரமேரூர்க் குடவோலை: முதலாம் பராந்தகனின் 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளுக்கு இடையே மாறிய விதிகள்
11.25 தஞ்சைப் பெரிய கோயிலின் 400 தளிச்சேரிப் பெண்டுகள்: பெயரும் ஊரும்
11.50 ஏரி வாரியம்
12.15 நிலம் அளந்த கோல்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் 25 நிமிடம்: பேச 18, கேள்விக்கு 5, அறை மாற 2. இரு அறைகளிலும் ஒரே கடிகாரக் கணக்கு. ஒருவர் வராவிட்டாலும் அடுத்தவரை முன்னால் அழைக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்த நேரம் கலந்துரையாடலுக்கு. மற்ற அறையிலிருந்து ஓடி வருபவர் ஏமாறக் கூடாது. 15-ஆம் நிமிடத்தில் மஞ்சள் அட்டை, 18-இல் சிவப்பு. சிவப்பைக் கண்டதும் தயவுசெய்து முடித்துக்கொள்ளுங்கள்.

12.40 மதிய உணவு, உணவுக்கூடம்.

இணை அமர்வுகள், 1.30 – 2.45

அரங்கம்: வட்டெழுத்து குறித்து மூன்று கட்டுரைகள் (1.30, 1.55, 2.20).

நூலக மாடிக்கூடம்: மைப்படி எடுக்கும் பயிற்சி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றும் வரை ஒவ்வொருவரும் தம் கையால் செய்வார்கள். 20 பேருக்கே இடம். காலைப் பதிவின்போதே பெயர் கொடுங்கள். கறை படிந்தால் கவலையில்லாத உடை நல்லது.

மாடிக்கு லிஃப்ட் இல்லை. படியேற இயலாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால், கீழே வாசிப்பறையில் ஒரு கல்லும் ஒரு பயிற்றுநரும் ஏற்பாடு செய்வோம். கேட்கத் தயங்க வேண்டாம்.

2.45 தேநீர், முற்றம். மாடியிலிருந்து இறங்கி வர நேரம் வேண்டுமென்பதால் 20 நிமிடம்.

3.05 நிறைவு அமர்வு, அரங்கம். பயிற்சியில் எடுத்த மைப்படிகளைச் சுவரில் மாட்டி, எல்லோரும் சேர்ந்து படிப்போம்.

4.00 சான்றிதழ், அரங்க வாசல்.

கட்டுரையாளர்கள் படக்காட்சிக் கோப்பை 9.30-க்குள் தங்கள் அறைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்துரு சிதையாமலிருக்க PDF வடிவிலும் ஒரு படி வேண்டும்.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர்