பயிற்சித்தாள் 7: காலமும் வேலையும், குழாயும் தொட்டியும் (யூனிட் முறை)

சேலம் மாலை வகுப்பு, குரூப் 4
நேரம்: 20 நிமிடம். முதல் 5 கணக்குகள் விளக்கத்துடன். கடைசி 4 நீங்களே போட வேண்டியவை.

குரூப் 4 தாளில் 200 கேள்விக்கு 25 கேள்வி கணக்கும் அறிவுக்கூர்மையும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இந்தப் பகுதியில் 1/12 + 1/18 என்று பின்னம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். கொடுத்த நாட்களின் மீச்சிறு பொது மடங்கை (மீ.சி.ம.) மொத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை யூனிட் வேலை இருக்கிறது, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் முடிக்கிறார், அவ்வளவுதான்.

கணக்கு 1. ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக் காபிப் பழத்தை லட்சுமி தனியாக 12 நாளிலும், பொன்னி தனியாக 18 நாளிலும் பறித்து முடிப்பார்கள். இருவரும் சேர்ந்தால்?

மீ.சி.ம. 36. லட்சுமி 36/12 = 3, பொன்னி 36/18 = 2. ஒரு நாளைக்கு 5 யூனிட். 36/5 = 7 1/5 நாள்.

கணக்கு 2. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஒரு கொலுசு ஆர்டரை மணி 20 நாளில், செல்வம் 30 நாளில் முடிப்பார்கள். இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். வேலை முடிய 5 நாள் இருக்கும்போது செல்வம் நின்றுவிட்டார். மொத்தம் எத்தனை நாள்?

மீ.சி.ம. 60, மணி 3, செல்வம் 2. கடைசி 5 நாள் மணி மட்டும்: 15 யூனிட். மீதி 45 யூனிட்டை இருவரும் சேர்ந்து 45/5 = 9 நாளில் செய்தார்கள். 9 + 5 = 14 நாள்.

‘முடிய 5 நாள் இருக்கும்போது’ என்பதை ‘5 நாள் கழித்து’ என்று படித்தால் 25 யூனிட் போக மீதி 35, அதை மணி மட்டும் 35/3 நாள் செய்ய, விடை 16 2/3 ஆகிவிடும். அந்தத் தவறான விடையும் ஆப்ஷனில் உட்கார்ந்திருக்கும். கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

கணக்கு 3. அ, ஆ சேர்ந்து 12 நாள். ஆ, இ சேர்ந்து 15 நாள். இ, அ சேர்ந்து 20 நாள். மூவரும் சேர்ந்தால்?

மொத்தம் 60. 5 + 4 + 3 = 12. ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்திருப்பதால் பாதி, 6. விடை 10 நாள். அ மட்டும் என்றால் 6 − 4 = 2, அதாவது 30 நாள்.

இனி குழாய். நிரப்பும் குழாய்க்குக் கூட்டல், காலி செய்யும் குழாய்க்குக் கழித்தல். மற்றதெல்லாம் பழைய கதைதான்.

கணக்கு 4. ஜவ்வரிசி ஆலைத் தொட்டியை இரண்டு குழாய்கள் 6 மணி, 8 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள குழாய் 12 மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்தால்?

மொத்தம் 24. 4 + 3 − 2 = 5. 24/5 = 4.8 மணி. இதை 4 மணி 80 நிமிடம் என்று எழுதாதீர்கள், வருடா வருடம் யாராவது எழுதுகிறார்கள். 0.8 × 60 = 48. எனவே 4 மணி 48 நிமிடம்.

கணக்கு 5. ஒரு குழாய் 4 மணியில் நிரப்பும், இன்னொன்று 6 மணியில் காலி செய்யும். காலித் தொட்டியில் முதலில் நிரப்பும் குழாய், அடுத்த மணி காலி செய்யும் குழாய் என மாறி மாறித் திறந்தால் எப்போது நிரம்பும்?

மொத்தம் 12, +3, −2. இரண்டு மணிக்கு 1 யூனிட், அப்படியானால் 24 மணி என்று பேனா ஓடும். ஓட விடாதீர்கள். திருவிழா வழுக்கு மரத்தை நினைத்துப் பாருங்கள்: ஏறுகிறவன் சறுக்கிச் சறுக்கித்தான் ஏறுவான், ஆனால் உச்சியைத் தொட்டுவிட்டால் அப்புறம் சறுக்கினால் என்ன? அதனால் கடைசி ஏற்றமான 3 யூனிட்டைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 9 யூனிட்டுக்கு 18 மணி. 19-வது மணியில் 9 + 3 = 12, தொட்டி நிரம்பிவிட்டது. விடை 19 மணி.

நீங்கள் போட வேண்டியவை:

6. குமார் வேலையில் ரவியைப் போல் இரு மடங்கு. சேர்ந்து 14 நாள். குமார் மட்டும்?
7. 12 பேர் 20 நாளில் முடிக்கும் வேலை. 5 நாள் கழித்து 3 பேர் நின்றுவிட்டால், மொத்தம் எத்தனை நாள்?
8. இரு குழாய்கள் 20, 30 நிமிடத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்து, தொட்டி 18 நிமிடத்தில் நிரம்ப, முதல் குழாயை எப்போது மூட வேண்டும்?
9. ஓட்டை ஒன்று நிறைந்த தொட்டியை 10 மணியில் காலி செய்யும். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயையும் திறந்தால் காலியாக 15 மணி. கொள்ளளவு? (யூனிட் மணிக்கு, லிட்டர் நிமிடத்துக்கு. கவனம்.)

விடைகள்: 6) 21 நாள் 7) 25 நாள் 8) 8 நிமிடம் கழித்து 9) 10,800 லிட்டர்