களப்பணி ஒருங்கிணைப்பாளர் பதவி: இறுதிச் சுற்றின் முடிவு

அன்புள்ள தர்ஷிகா,

வணக்கம். திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னேன், இன்று வியாழன் ஆகிவிட்டது. மூன்று நாள் உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிணற்று நீர்ப் பரிசோதனைத் திட்டத்தின் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு உங்களை நாங்கள் தெரிவு செய்யவில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறோம். அவரும் பொறுப்பை ஏற்பதாக நேற்று உறுதிப்படுத்திவிட்டார். நெல்லியடியிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறி வந்து, ஒரு முழு நாள் வெயிலில் எங்களோடு நின்றவர் நீங்கள். உங்களுக்கு இரண்டு வரியில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

முதலில் ஏழாலையில் நடந்தது. எங்கள் படிவத்தில் மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை மீற்றர் என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, குந்தில் அந்த ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்து, "பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குக் கடைசியா எப்ப யூரியா போட்டவை ஆச்சி?" என்று கேட்டீர்கள். நாலு நாளைக்கு முந்தி என்றார். போட்ட அடுத்த நாளே தண்ணீர் கட்டினார்கள் என்பதும் பிறகு பேச்சோடு பேச்சாக வந்தது. எங்களுடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே போடுகிற பசளை தண்ணீரோடு கீழே இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. உங்கள் யோசனை என்று கூட்டத்தில் சொல்லித்தான் அதைச் சேர்த்தேன்.

அப்படியென்றால் ஏன் வேறொருவர்? அன்று உங்களோடு இரண்டு தொண்டர்களை விட்டிருந்தோம். மாதிரிப் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசியது, லேபிள் எழுதியது, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கியது எல்லாமே நீங்கள்தான். ஒரு தொண்டர் போத்தலை மூடப் போனபோது, "தாங்கோ, நான் செய்யிறன்" என்று வாங்கிவிட்டீர்கள். வேலை சுத்தமாக நடந்தது, பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் இருவரும் பின்னேரம் வரை கை கட்டி நின்றார்கள். இந்தப் பதவியில் இருப்பவர் முதல் மாதத்திலேயே பன்னிரண்டு தொண்டர்களைப் பழக்கி, தான் இல்லாத இடத்திலும் அவர்கள் பிழையில்லாமல் மாதிரி எடுக்க வைக்க வேண்டும். தெரிவானவர் மூன்று வருடமாக அப்படியொரு குழுவை நடத்தியிருக்கிறார். முடிவு அதில்தான் போனது. உங்கள் தகைமையிலோ, பேச்சிலோ, ஆங்கிலத்திலோ எங்களுக்கு ஒரு குறையும் படவில்லை.

இன்னொன்று, முடிவோடு சம்பந்தமில்லாதது, ஆனால் இந்தத் துறையில் தொடர்ந்து இருக்கப் போகிறவர் என்பதால் சொல்கிறேன். மேசைப் பயிற்சியில் ஒரு கிணற்று நீரின் நைத்திரேற்று அளவு 14 என்று வந்ததும், எல்லை 50 தானே, பயமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த 14, லீற்றருக்கு மில்லிகிராமில், நைதரசனாகக் கணக்கிட்டது. 50 என்ற எல்லை நைத்திரேற்றாகவே கணக்கிட்ட அளவுக்கு உரியது. நைதரசன் அளவை 4.43 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 62 வரும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. மூவரில் இருவர் இதே இடத்தில் தடுக்கினீர்கள், நானும் தொடக்கத்தில் தடுக்கியிருக்கிறேன். அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அலகைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள்.

களப்பணி நாளுக்கான 3500 ரூபாவும் பஸ் காசும் நாளை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உங்கள் சான்றிதழ் பிரதிகளை வைத்திருக்கவா, திருப்பி அனுப்பவா என்று சொல்லுங்கள். வேறு இடத்தில் விண்ணப்பிக்கும்போது என் பெயரைத் தாராளமாகக் கொடுங்கள். ஏழாலையில் கண்டதை அப்படியே சொல்வேன். இப்போதைக்கு எங்களிடம் வேறு வெற்றிடம் இல்லை, இருப்பதாகச் சொல்லி உங்களை மற்ற வேலைகளைப் பார்க்காமல் இருக்க வைக்க விரும்பவில்லை.

எதையாவது விளக்கமாகக் கேட்க வேண்டுமென்றால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள், நானே வாசிப்பேன். போனில் பேசுவதுதான் சுகம் என்றால் சனிக்கிழமை காலையில் எடுங்கள்.

அப்புறம், அந்த ஆச்சியின் கிணற்றுப் பெறுபேறு வந்துவிட்டது. எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அண்டைக்குக் குந்தில இருந்து கதைச்ச பிள்ளை வரேல்லையோ?" என்று கேட்டார்.

அன்புடன்,
சிவகௌரி
திட்டப் பொறுப்பாளர், கிணற்று நீர்ப் பரிசோதனைத் திட்டம்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்