பின்னால் வருபவனுக்கான சிவப்பு

தாலி சுந்தரத்தின் இடுப்பில் இருந்தது. கும்பகோணத்து ஆசாரி பொங்கல் விடுமுறையைக் காரணம் காட்டி இழுத்தடித்துக் கடைசி நாளில் கொடுத்தது. பட்டுத்துணியில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் திணித்து, பையை இடுப்பில் கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டிருந்தான். கழிப்பறைக்குப் போனாலும் ஒரு கை அங்கேயே இருந்தது.

டெல்லி முனிர்காவில் இருக்கும் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். மலை மந்திருக்குப் பக்கத்தில் மண்டபம். முகூர்த்தம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. "விமானத்தில் வந்துவிடு" என்று அக்கா சொன்னபோது சுந்தரம் சிரித்தான். ஜனவரியில் டெல்லி விமானங்கள் படும் பாடு அவனுக்குத் தெரியாதா? ஓடுபாதை தெரியாமல் ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடுவார்கள். தண்டவாளத்தில் ஓடுகிற வண்டியை மூடுபனி என்ன செய்துவிடும் என்பது அவன் வாதம். ஆறரைக்கு டெல்லி, ஏழேகாலுக்கு மண்டபம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தான்.

குவாலியர் வரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. முரைனா தாண்டிச் சம்பல் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது, கீழே ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. பாலம் முடிந்தது, வெள்ளை முடியவில்லை. தூரத்து விளக்குகள் முதலில் போயின. பிறகு பக்கத்து வயல். பிறகு தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் மின்கம்பங்கள், ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு மிக அருகில் தோன்றித் தோன்றி மறைந்தன. கடைசியில் அவையும் இல்லை. வண்டியின் சத்தம் மாறியிருந்தது. தடதடப்பு தளர்ந்து, சக்கரங்கள் உருள்வதைத் தனித்தனியாகக் கேட்க முடிந்தது.

தோல்பூரை நெருங்கும்போதுதான் அந்த வெடி. டமார் என்று ஒன்று, மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. மேல் படுக்கையில் இருந்த பையன் எழுந்து தலையை இடித்துக்கொண்டான். யாரோ ராமா, ராமா என்றார்கள். சுந்தரத்தின் கை இடுப்புக்குப் போனது.

"படாக்கா" என்றார் எதிர்ப்படுக்கைப் பெரியவர், கம்பளிக்குள்ளிருந்தபடியே. "பயப்படாதீர்கள். சிக்னல் வரப்போகிறது என்று அர்த்தம்."

சென்னையில் ஏறியதிலிருந்து அவர் பேசியதே குறைவு. சாப்பிட்டார், தூங்கினார், நிலையம் வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது எழுந்து உட்கார்ந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டார். ஜோலார்பேட்டைக்காரர். துக்ளகாபாத் ஷெட்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பதர்பூரில் வீடு. இந்தப் பாதையில் தான் ஓட்டாத பனிக்காலம் கிடையாது என்றார். அதைச் சொன்ன விதத்தில் பெருமையைவிடச் சலிப்புதான் அதிகம் தெரிந்தது.

"சிக்னலுக்கு இருநூற்று எழுபது மீட்டர் முன்னால், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வைப்பார்கள். தண்டவாளத்தில் கட்டிவிடுவார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும். அதைக் கட்டுவதற்கென்றே ஓர் ஆள் இந்தக் குளிரில் கரியடுப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கண்ணுக்குத் தெரியாததைக் காதுக்குச் சொல்லும் ஏற்பாடு."

"இப்போது இன்ஜினில் ஜி.பி.எஸ். கருவியெல்லாம் இருப்பதாகச் சொல்கிறார்களே ஐயா?"

"இருக்கிறது. பனிக்காலத்துக்கென்று ஒரு சின்னப் பெட்டி. ஏறும்போது கையில் கொடுப்பார்கள். அடுத்த சிக்னல் எது, எவ்வளவு தூரம் என்று அது வாய்விட்டுச் சொல்லும். பச்சையா சிவப்பா என்று சொல்லாது. அதை டிரைவர்தான் பார்க்க வேண்டும். பெட்டி இருந்தால் எழுபத்தைந்து வரை போகலாம் என்று விதி. போகலாம் என்றுதான் விதி, தம்பி. போயே ஆக வேண்டும் என்று இல்லை."

ஆக்ராவில் வண்டி அதிக நேரம் நின்றது. சுந்தரம் இறங்கித் தேநீர் வாங்கினான். எஞ்சினுக்கு அடுத்த இரண்டாவது பெட்டி என்பதால் முன்னால் பார்த்தான்; எஞ்சின் தெரியவில்லை. அது இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் கரைந்துகொண்டிருந்தது. மழைக்குப் பிறகு காற்று அடங்கி வானம் தெளிந்துவிட்டால் இப்படித்தான் என்றார் தேநீர்க்காரர். தரை இரவெல்லாம் குளிர்ந்து, ஈரம் எல்லாம் மேலே எழாமல் அங்கேயே உறைந்து நிற்குமாம். முந்தாநாள்தான் மழை.

அதன் பிறகு சுந்தரம் படுக்கவில்லை. கதவருகே போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. கடந்துபோகும் சிக்னல் கம்பங்கள் அத்தனையும் சிவப்பாக இருந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து. எல்லாம் சிவப்பு. வண்டியோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வயிற்றைப் பிசைந்தது. பெரியவரை எழுப்பலாமா என்று யோசித்து, எழுப்பியும்விட்டான்.

பெரியவர் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். "எஞ்சின் தாண்டிய உடனே அது சிவப்பாகிவிடும். நீங்கள் பார்ப்பது நமக்கான சிக்னல் அல்ல. பின்னால் வருகிறவனுக்கானது. பயணி எந்தக் காலத்திலும் தன் சிக்னலைப் பார்க்க முடியாது, வளைவில் தவிர."

மதுராவை விட்டதும் ஒரு வளைவு வந்தது. பெரியவரும் கதவருகே வந்து நின்றார். முன்னால், உயரத்தில், இரண்டு மஞ்சள் கறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதந்தன.

"இரட்டை மஞ்சள்" என்றார். "இப்போது உள்ளே இரண்டு பேரும் சத்தமாகச் சொல்வார்கள். டிரைவர் சொல்வார், உதவி டிரைவர் திருப்பிச் சொல்வார். ஒருவர் கண்ணை மற்றவர் நம்பக் கூடாது, பாருங்கள்."

பிரேக் பிடித்தது தெரிந்தது. உலுக்கல் எதுவும் இல்லை; தரை மெல்ல முன்னால் சாய்வதுபோல ஓர் உணர்வு மட்டும். "அடுத்தது ஒற்றை மஞ்சளாக இருக்கும், அதற்கடுத்தது சிவப்பு" என்றார் பெரியவர். அப்படித்தான் நடந்தது. வண்டி ஊர்ந்து, நீளமாக ஒருமுறை ஊதி, நின்றது. முன்னே சிவப்பு, கம்பத்தில் 'ஏ' என்று எழுதியிருக்கும் என்றார். அந்த எழுத்து இருந்தால் இரவில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மாறாவிட்டால் நடைவேகத்தில் தாண்டிப் போகலாம். பனியில் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ஏனென்றால் முன்னால் இன்னொரு வண்டியின் வால் இருக்கும். அது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பல்வலில் அக்கா போன் செய்தாள்.

"எங்கே இருக்கிறாய் சுந்தரம்?"

"பல்வல்."

"பல்வல் என்றால்?"

"ஹரியானா."

மறுமுனையில் சற்று நேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, "என் மாமியார் சொல்கிறார், தாலி வராவிட்டால் மஞ்சள் கொம்பைக் கயிற்றில் கட்டிக் கட்டிவிடலாமாம். சாஸ்திரம் இடம் கொடுக்கிறதாம்."

"வேண்டாம்."

"நான் வேண்டும் என்றா சொன்னேன்? அவர் எடுத்து வைத்துவிட்டார்."

சுந்தரம் போனை வைத்த விதத்தில் பக்கத்துப் படுக்கைக் குழந்தை அழத் தொடங்கியது. தாய்மாமன் கொண்டுவரும் தாலிக்கு மாற்றாக மஞ்சள் கொம்பா! அந்தக் கிழவிக்கு அவன் குடும்பத்தின் மீது முப்பது வருடக் கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. அதை இன்று தீர்த்துக்கொள்ளப் போகிறாள்.

பரிதாபாத் தாண்டியதும் வண்டி மறுபடி நின்றது. விடிந்துவிட்டிருந்தது, விடிந்ததற்கு அடையாளம் கறுப்பு சாம்பலாக மாறியது மட்டுமே. மணி ஏழு பத்து. இரண்டு நிமிடம் போயிற்று, ஐந்து போயிற்று. இது 'ஏ' கம்பம் இல்லை போலிருக்கிறது. அந்த அமைதியில் சுந்தரத்துக்கு லாரி ஹாரன்கள் கேட்டன. மதுரா ரோடு! பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையை ஒட்டியே மெட்ரோ. இறங்கி நடந்தால், மெட்ரோவைப் பிடித்து, ஒருமுறை மாறி, எட்டரைக்குள்…

பையைத் தோளில் மாட்டினான். கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அறைந்தது. கீழே ஜல்லிக்கல் இரண்டடிக்கு மேல் தெரியவில்லை. ஒரு படி இறங்கினான்.

"தம்பி, ஏறுங்கள்."

"பக்கத்தில்தான் ரோடு இருக்கிறது ஐயா. சத்தம் கேட்கிறது."

"ரோட்டின் சத்தம் கேட்கிறது. நடுவில் எத்தனை தண்டவாளம் என்று கேட்கிறதா?"

"வண்டி வந்தால் விளக்கு தெரியாதா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். எழுபது வயதுக் கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று சுந்தரம் எதிர்பார்க்கவில்லை. திமிறலாமா என்று அவன் நினைத்த நேரத்தில் பக்கத்துப் பாதையில் காற்று மட்டும் முதலில் வந்தது. விளக்கு, ஹாரன், எஞ்சின் மூன்றும் அதன் பிறகு ஒரே சமயத்தில் வந்தன. சரக்கு வண்டி. அதுவும் மெதுவாகத்தான் போனது, சைக்கிள்காரன் முந்திவிடுவான். அப்படியிருந்தும் அது வருவதை அவன் பார்க்கவில்லை. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது கடந்துகொண்டிருந்தது.

கடைசிப் பெட்டி போனபின் சுந்தரம் ஏறினான். கதவைச் சாத்தினான். கால் நடுங்கியதால் கழிப்பறைக்கு எதிரே இருந்த இரும்புப் பெட்டியின் மீது உட்கார்ந்தான்.

"அதை ஓட்டியவனும் உங்களைப் பார்த்திருக்க மாட்டான்" என்றார் பெரியவர். "பிறகு சொல்வார்கள். கார்டு சொல்வான், கண்ட்ரோலில் சொல்வார்கள். அதன்பின் அவன் எத்தனை நாள் தூங்குவான், தூங்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரை மூடியில் ஊற்றி நீட்டினார்.

வண்டி நகர்ந்தது. துக்ளகாபாத் வந்தபோது பெரியவர் எழுந்து நின்று வெளியே பார்த்தார். தான் வேலை பார்த்த ஷெட் இருந்த திசையில் ஒன்றுமே தெரியவில்லை. மூட்டைகளைக் கட்ட ஆரம்பித்தார். ஓக்லாவில் கட்டடங்களின் கீழ்ப்பாதி தெரிந்தது. மேல்பாதி இன்னும் இல்லை.

மணி எட்டு ஐந்து. நிஜாமுதீன் வெளி சிக்னலில் வண்டி நின்றது. அக்கா.

"ஓக்லா தாண்டிவிட்டேன்" என்றான் முந்திக்கொண்டு. "நிஜாமுதீனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் எட்டே முக்கால். கொம்பு, கயிறு என்று யாரும் எதையும்…"

"அதை விடு. நீ வரும் வழியில் சாஸ்திரிகளைப் பார்த்தால் ஏற்றிக்கொண்டு வா."

"என்னது?"

"மயூர் விஹாரிலிருந்து ஆறு மணிக்கே ஸ்கூட்டரில் கிளம்பினார். யமுனைப் பாலத்தில் முன்னால் போகிற வண்டி தெரியாமல் எல்லோரும் நின்றுவிட்டார்களாம். இன்னும் நிஜாமுதீன் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறாராம். சமையல்காரரின் பால் வண்டியும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் தயாராக இருக்கிறான்."

சுந்தரம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "பெண்?"

"பெண் வீட்டார் தவுலா குவானில் நிற்கிறார்கள்."

"அப்படியானால் உன் மாமியாரிடம் சொல், அந்த மஞ்சள் கொம்பைச் சாம்பாருக்கு இடித்துவிடட்டும்."