வினா 14: காலனிய ஆட்சியின் வணிகக் கொள்கை மரபுவழிக் கைத்தறி நெசவாளர்களை எவ்வாறு பாதித்தது? (10 மதிப்பெண்)

விடை:

மான்செஸ்டர் துணி மலிவாக வந்ததால் கைத்தறி நலிந்தது என்பது பாதிக் கதைதான். நீராவித் தறிகள் பெருகுவதற்கு முன்பே, தன் துணிக்குத் தானே விலை பேசும் வலுவை நெசவாளர் இழக்கத் தொடங்கியிருந்தார்.

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் துணிக்குப் போட்டியிட்டனர். முன்பணம் வாங்கிய நெசவாளர், அதைத் திருப்பித் தந்துவிட்டு வேறொருவருக்கு நெய்ய முடிந்தது. நெசவாளரைக் குடியமர்த்துவதற்காகவே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1734-இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது. அப்போது யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பது இதிலிருந்தே புரியும்.

பிளாசிப் போருக்குப் பின் (1757) கம்பெனியிடம் ஆட்சியதிகாரமும் சேர்ந்தது. வங்கத்தில் இடைத்தரகர்களை விலக்கி, சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்கள் மூலம் கொள்முதல் நடந்தது. முன்பணம் பெற்றவர் பிறருக்கு விற்கக்கூடாது. வேலையைக் கண்காணிக்கச் சேவகர்களை அனுப்பினார்கள். குமாஸ்தா சொன்னதே தரம், அவர் சொன்னதே விலை. தெற்கிலும் இதே போக்கு வந்தது. போதாக்குறைக்கு, சென்னை மாகாணத்தில் தறிக்கு வரியும் இருந்தது.

அடுத்தது சுங்கம். இந்தியத் துணிக்கு எதிராக 1700-இலும் 1721-இலும் பிரிட்டன் சட்டம் இயற்றியது. 1813-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இந்தியப் பருத்தித் துணிக்கு 70–80 சதவீத அளவில் வரி இருந்தது. அதே 1813-இல் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் முடிந்ததும், லங்காஷயர் துணிக்கு இந்தியச் சந்தை திறந்துவிடப்பட்டது. 1840-இல்கூட பிரிட்டிஷ் பருத்தித் துணி இங்கே 3.5 சதவீதம் கட்ட, இந்தியத் துணி அங்கே 10 சதவீதம் கட்டியது. தடையற்ற வணிகம் என்று சொல்லப்பட்டது ஒருவழிப் பாதைதான். 1896-இல் விதிக்கப்பட்ட 3.5 சதவீத உற்பத்தி வரியை இதோடு குழப்பக்கூடாது. அது இந்திய ஆலைத்துணி மீதானது, கைத்தறி மீதானது அல்ல.

எல்லோருக்கும் ஒரே மாதிரி அடி விழவில்லை. ஏற்றுமதியையும் அரண்மனைகளையும் நம்பியிருந்த டாக்கா மஸ்லின் ஏறக்குறைய மறைந்தது. ஆலை நூல் வந்ததும், வீட்டில் ராட்டை சுற்றிய பெண்கள் பெருமளவில் வருமானத்தை இழந்தனர். நெசவாளரைப் பற்றிப் பேசும்போது இவர்களை மறந்துவிடுகிறோம். உள்ளூரில் தேவைப்பட்ட முரட்டுத் துணி, கரை வைத்த சேலை, காஞ்சிபுரம் பட்டு போன்றவை தாக்குப்பிடித்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) இந்தியப் பஞ்சு பெருமளவில் கப்பலேறி, பஞ்சு விலையும் நூல் விலையும் உயர்ந்தன. 1876–78 பஞ்சத்தில் சோற்றுக்கே வழியில்லாத மக்கள் துணி வாங்குவதை நிறுத்தினர்.

பிழைத்த தறிகளும் பழையபடி ஓடவில்லை. ஆலை நூலைக் கடனுக்கு வாங்கிய நெசவாளர், நெய்த துணியை அந்த நூல் வியாபாரியிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. தறி வீட்டில்தான் இருந்தது. பாவும் ஊடையும் வியாபாரியுடையவை, நெசவாளருக்குக் கிடைத்தது கூலி.