பொருள்: வெள்ளிக்கிழமை பேசிய டீம் லீடர் பொறுப்பும் சம்பள உயர்வும் – எழுத்தில் உறுதி வேண்டி

திங்கட்கிழமை, 17 மார்ச் 2025

அன்புள்ள ராஜேந்திரன் அண்ணனுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை (14 மார்ச்) மாலை கிடங்கில் நீங்கள் சொன்னதை வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். இறக்குமதி ஆவணப் பிரிவின் டீம் லீடர் பொறுப்பை ஏற்க எனக்கு முழுச் சம்மதம். என்னை நம்பி இதைக் கொடுக்க நினைத்ததற்கு மனமார்ந்த நன்றி.

ஏப்ரல் 1ஆம் தேதி பொறுப்பேற்பதற்கு முன் நாம் பேசியதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குத் தூத்துக்குடி கண்டெய்னருக்குப் பெர்மிட் திருத்த வேண்டியிருந்தது, லாரிக்காரர் வேறு காத்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் பேசியதால் சில விஷயங்களை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அதனால் என் மனதில் நின்றதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

ஏப்ரல் 1 முதல் என் பதவி ஷிப்பிங் கிளார்க்கிலிருந்து டீம் லீடராக மாறும். டிரேட்நெட்டில் பெர்மிட் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, காய்கறிச் சரக்குக்கான சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதிகள், ஃபார்வர்டருடன் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. ஆவணப் பிரிவில் இருக்கும் மூன்று பேரும் எனக்குக் கீழே வருவார்கள். அடிப்படைச் சம்பளம் 2,450 வெள்ளியிலிருந்து 2,850 வெள்ளியாகும். இந்தத் தொகையை நீங்களே டெலிவரி ஆர்டரின் பின்பக்கத்தில் எழுதி வட்டம் போட்டுக் காட்டினீர்கள். அந்தத் தாள் அன்றைய ஃபைலில்தான் இருக்கிறது.

இனி, அன்று பேசாமல் விட்டதற்கு வருகிறேன். எனக்கு இதில் பெரிய கவலை ஓவர்டைம்தான்.

என்னைப் போல உடலுழைப்பு அல்லாத வேலையில் இருப்பவர்களுக்கு, மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால்தான் வேலை நியமனச் சட்டத்தின் ஓவர்டைம், வேலை நேர விதிகள் பொருந்தும். 2,850 ஆனதும் நான் அந்த வரம்பைத் தாண்டிவிடுவேன். அதற்குப் பிறகு நிறுவனம் எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு ஓவர்டைம் உண்டு. இப்போது என் ஓவர்டைம் மணிக்கு 19.27 வெள்ளி (2,450ஐ 12ஆல் பெருக்கி, 52 வாரம், 44 மணி நேரம் என்று வகுத்து, ஒன்றரை மடங்கு). மாதத்துக்குச் சுமார் இருபது மணி நேரம் செய்கிறேன். அதாவது 385 வெள்ளி. சம்பளம் 400 உயர்ந்து, இந்த 385 நின்றுபோனால் எனக்கு மிஞ்சுவது 15 வெள்ளி. ஒரு பிரிவையே பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு இது நியாயமான கணக்கு இல்லை அண்ணன். நீங்களும் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் விருப்பம், ஓவர்டைம் தொடர வேண்டும் என்பதே. புதிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லவில்லை, இப்போதுள்ள மணிக்கு 19.27 வெள்ளியே போதும். அது முடியாது என்று நிர்வாகம் சொன்னால், கூடுதலாக உழைத்த நேரத்துக்கு ஈடாக அதே மாதத்திலோ அடுத்த மாதத்திலோ விடுப்பு எடுக்க அனுமதி வேண்டும். எதுவானாலும் கடிதத்தில் ஒரு வரியாக இருக்கட்டும். கப்பல் தாமதமாகி இரவு எட்டு மணிக்கு ஆவணம் வருவது இந்தத் தொழிலில் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று, 400 வெள்ளி முழுவதும் அடிப்படைச் சம்பளத்திலேயே சேருமா, அல்லது ஒரு பகுதி பொறுப்புப்படியாக வருமா? மத்திய சேம நிதிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நம் நிறுவனத்தில் 13ஆவது மாதச் சம்பளம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சம்பளம் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

"மூணு மாசம் பார்ப்போம்" என்றும் சொன்னீர்கள். புதிய சம்பளம் ஏப்ரலிலிருந்தே வரும், மூன்று மாதம் என்பது பதவியை உறுதி செய்வதற்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை ஜூன் முடிவில் இது சரிவரவில்லை என்றால், பழைய வேலைக்குப் பழைய சம்பளத்தில் திரும்பலாமா என்பதும் தெரிந்தால் நல்லது.

நீங்கள் இங்கே இருக்கும்வரை உங்கள் வாய்ச்சொல்லே எனக்குப் போதும். ஆனால் மே மாதம் நீங்கள் ஜோகூர் பாரு கிளைக்குப் போய்விடுவீர்கள். வரப்போகும் மேலாளருக்கு நாம் கிடங்கில் நின்று பேசியது எதுவும் தெரியாது. என் 2019 நியமனக் கடிதத்திலும், எந்த மாற்றமும் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று இருக்கிறது. பதவி, முக்கியப் பணிகள், அடிப்படைச் சம்பளம், படிகள், ஓவர்டைம் எல்லாம் மனிதவள அமைச்சு சொல்லும் முக்கிய வேலை நியமன நிபந்தனைகளில் அடங்கும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இவற்றை எழுத்தில்தான் தர வேண்டும். என்னிடம் இருப்பதோ பழைய பதவியும் பழைய சம்பளமும் உள்ள தாள்தான்.

உங்களுக்கு வேலை குறையட்டும் என்று கீழே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறேன். சரியாக இருந்தால் இதையே பதிலாக அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். அவர்கள் அதை வைத்து ஆங்கிலத்தில் முறையான கடிதம் தயாரிப்பார்கள்.

"கவிதா, 1 ஏப்ரல் 2025 முதல் நீங்கள் இறக்குமதி ஆவணப் பிரிவின் டீம் லீடர். அடிப்படைச் சம்பளம் மாதம் 2,850 வெள்ளி, ஏப்ரல் மாதத்திலிருந்தே நடைமுறைக்கு வரும். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு மணிக்கு 19.27 வெள்ளி ஓவர்டைம் தொடரும். ஜூன் 30 வரை தகுதிகாண் காலம். உறுதி செய்யப்படாவிட்டால் பழைய பதவிக்கும் பழைய சம்பளத்துக்கும் திரும்பலாம். மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை."

ஓவர்டைம் வரியை நானாகச் சேர்த்திருக்கிறேன், அது அன்று பேசியது அல்ல. உறுதி ஆகாவிட்டால் திரும்புவது பற்றிய வரியும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

31ஆம் தேதி ஹரி ராயா விடுமுறை. அதற்கு முந்தைய வாரம் சரக்கு நெருக்கடியில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே 26 மார்ச், புதன்கிழமைக்குள் பதில் கிடைத்தால் ஏப்ரல் சம்பளப் பட்டியலில் சேர்க்க மனிதவளப் பிரிவுக்கும் அவகாசம் இருக்கும். நேரில் பேச வேண்டும் என்றால் நாளையோ நாளை மறுநாளோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன். பேசி முடித்ததும் அதையும் இந்த மின்னஞ்சலுக்குக் கீழேயே எழுதிவிடுவோம்.

இதற்கிடையில் என் இப்போதைய வேலைகளைப் புதிதாக வந்த தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன். பெர்மிட் திருத்தம் இன்னும் ஒரு வாரத்தில் அவருக்குப் பிடிபட்டுவிடும்.

நன்றி அண்ணன்.

அன்புடன்,
கவிதா
ஷிப்பிங் கிளார்க், இறக்குமதி ஆவணப் பிரிவு