கவிதாவுக்கும் முரளிக்கும்

அன்புள்ள கவிதா, முரளி,

திருமண வாழ்த்துகள். இருவரும் நலமாக, சந்தோஷமாக இருக்க வேண்டும்.

கவிதா, நாம் ஒரே மாடியில் வேலை பார்க்கிறோமே தவிர, அதிகம் பேசிப் பழகியதில்லை. உங்கள் குடும்பத்தில் எனக்கு யாரையும் தெரியாது. நோட்டீஸ் போர்டில் ஒரு பத்திரிகையை ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். என் சீட் வரை வந்து, பெயர் எழுதிக் கொடுத்தீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் வெறும் பெயரைப் போட்டுக் கையெழுத்திட மனம் வரவில்லை.

முரளி, உங்களை நான் பார்த்ததே இல்லை. சில மாதங்களாக மதிய நேரத்தில் ஒரு போன் வந்தால் கவிதா படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது, எவ்வளவு கடுப்பான கணக்கு மேஜையில் காத்திருந்தாலும் சிரித்த முகமாகவே வருவார். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நல்ல சிபாரிசுதான் அது.

பதிலுக்கு, வீட்டில் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் அனுப்பிய பில்லில் தொகை தப்பாகிவிட்டது. மேலே மெயில் போட்டிருந்தால் கவிதாவின் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் எங்கள் பிரிவுக்கே எழுந்து வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று காட்டித் திருத்த வைத்துவிட்டுப் போனார். அந்தப் பையன் இன்றுவரை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான், கவிதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே குறை, யார் எந்த வேலையைத் தள்ளினாலும் 'முடியாது' என்று சொல்ல அவருக்கு வராது. வீட்டிலும் அப்படித்தான் என்றால் நீங்கள்தான் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், பரிசு. உங்கள் வீடு எப்படி இருக்கும், சுவருக்கு என்ன நிறம், ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மாலையானால் கவிதா தன் தலைக்கு மேலே இருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுவார். அதனால் ஒரு மேஜை விளக்கு வாங்கியிருக்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பில்லை டப்பாவுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன், விளக்கு எங்கே என்று வீடு தேடி வந்து பார்க்கவும் மாட்டேன்!

கல்யாணமாகிப் பல வருடம் ஆனவள் என்ற முறையில் அறிவுரை நாலு எழுதலாம். ஆனால் நமக்குள் இருக்கும் பழக்கத்துக்கு அது அதிகப்படி. இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

லீவு முடியும் வரை ஆபீஸ் மெயிலைத் திறக்காதீர்கள், கவிதா. எங்கள் பிரிவு பில்களை இந்த மாதம் நானே ஒருமுறை சரிபார்த்துத்தான் உங்கள் பக்கம் அனுப்புவேன்.

அன்புடன்,
வசந்தி
கொள்முதல் பிரிவு