புதிதாக வந்த முகாமையாளரிடமிருந்து

எல்லோருக்கும் வணக்கம்,

என் பெயரும் பதவியும் கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் இருக்கின்றன, அதைத் திரும்ப எழுதவில்லை. திங்கள் வந்தேன், இன்று வியாழன். இந்த நாலு நாளும் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் களஞ்சியத்துக்கும் மேசைக்குமாக நடந்து திரிந்தது உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். முதலில் பார்ப்பம், பிறகு கதைப்பம் என்றுதான் இருந்தேன்.

நான் வடமராட்சிக்காரி. பதினாலு வருடம் கொழும்பில் மருந்து விநியோகத்தில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு வயது போனதால் ஊருக்கு வந்திருக்கிறேன். நெல்லியடியிலிருந்து 750 பஸ்ஸில்தான் வருவது. ஆகவே எட்டு மணிக்கு நான் இல்லையென்றால் பஸ்ஸைத் திட்டுங்கள். என்னை மிஸ் என்றோ அக்கா என்றோ கூப்பிடலாம். மேடம் மட்டும் வேண்டாம், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

என்னோடு வேலை செய்யும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்: கெட்ட செய்தியை உடனே சொல்லுங்கள்.

ஏன் என்றால், முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு தம்பி காலையில் வந்து, "மிஸ், பிரிட்ஜ் கதவு இரவு சரியாகப் பூட்டுப்படவில்லை" என்றான். அன்று வேறு ஒரு தலையிடியில் இருந்தேன், எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு ஏசிவிட்டேன். பிறகு ஆறு மாதம் அந்த வெப்பநிலைக் கொப்பியில் ஒரு பிழையும் இல்லை. காலை 5, மாலை 5, ஞாயிறும் 5. ஒரு பிரிட்ஜ் அப்படி ஓடாது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஒருநாள் பின்பக்கத் தட்டிலிருந்த இன்சுலின் உறைந்து போயிருந்தது. இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், ஒருமுறை உறைந்தால் பிறகு இளகினாலும் பாவிக்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். எல்லாவற்றையும் எறிந்தோம். கொப்பியில் பொய் எழுதியது அவர்கள், எழுத வைத்தது நான்.

ஆகவே பிரிட்ஜில் 9 என்று இருந்தால் கொப்பியிலும் 9 என்றே எழுதுங்கள். எழுதிவிட்டு எனக்கு ஒரு கோல் எடுங்கள், இரவு இரண்டு மணியென்றாலும் பரவாயில்லை. கரண்ட் போனாலும் அப்படித்தான். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கப் பிரிட்ஜைத் திறக்க வேண்டாம், திறந்தால்தான் தாங்காது. இதையெல்லாம் சொல்லி ஏச்சு வாங்கினீர்கள் என்றால், இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வையுங்கள்.

மற்றவை சின்ன விசயங்கள். காலை எட்டேகாலுக்கு லொறி ஏற்றும் வாசலில் பத்து நிமிடம் நின்றபடியே கதைப்போம், கதிரை தேவையில்லை. இன்று எந்தப் பாதை, எந்த மருந்து தட்டுப்பாடு, எந்தப் பாமசி காசு தரவில்லை, அவ்வளவுதான். வைபர் குறூப்பில் வேலை விசயம் மட்டும் இருக்கட்டும். காலை வணக்கப் படங்களுக்கு வேறு குறூப் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதில் என்னைச் சேர்க்க வேண்டாம். இரவு ஏழுக்குப் பிறகு நான் அனுப்பும் தகவலுக்கு அடுத்தநாள் பதில் போட்டால் சரி.

விற்பனைக்குப் போகும் தம்பிமாருக்கு: கடன் கூடின கடையின் பட்டியலை நான் கேட்பேன், தனியாகக் கேட்பேன். மற்றவர்களுக்கு முன்னால் உங்கள் கணக்கை விரித்து வைக்க மாட்டேன். ஆனால் மாத முடிவில் காலாவதி கிட்டின பெட்டியைக் கடைக்காரர் தலையில் கட்டி இலக்கைப் பிடிப்பது என் காலத்தில் நடக்காது. திகதி கிட்டினது முதலில் வெளியே போக வேண்டும், அதற்கு ஓடர் எடுக்கும்போதே கதைத்துப் போடுங்கள்.

லீவு விசயத்தில் நான் இறுக்கமில்லை, நேரத்தோடு சொன்னால் போதும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிப் பாதைகள் மூடப்படும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் யார் யாருக்கு லீவு வேண்டும் என்று ஒரு மாதம் முன்னமே எழுதித் தாருங்கள். நத்தார், பெருநாளுக்கும் அப்படியே. எல்லோரும் ஒரேநாள் போனால் ஆஸ்பத்திரிச் சாமான் யார் கொண்டுபோவது?

களஞ்சியத்து அண்ணையிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது முழுக்க உங்கள் தலையில்தான் இருக்கிறது, நீங்கள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் நாங்கள் திண்டாடுவோம். அடுத்த கிழமை ஒரு மணித்தியாலம் தந்தால் இருவருமாக இருந்து எழுதிவிடலாம். தேத்தண்ணி என் செலவு.

நாளைக்குத் தீவுப்பக்கம் போகிற வாகனத்தில் நானும் வருகிறேன். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் குளிர்பெட்டியை எப்படி ஏற்றுகிறார்கள், வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று யாராவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.